சின்ன லேஅவுட்டுக்கு பிரௌச்சர் எழுதுவது எப்படி: ரோடு, வடிகால், வசதிகள், பத்திரம்

மனை பார்க்க வருகிறவர் சைட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போது கையில் எடுத்துப் போவது பிரௌச்சர் ஒன்றைத்தான். அதை வீட்டில் பெரியவர்களிடம் காட்டுவார், தெரிந்த வக்கீலிடம் காட்டுவார், லோன் கேட்டுப் போகும் பேங்கில் காட்டுவார். அவர்கள் எல்லோரும் திருப்பித் திருப்பிக் கேட்பது நான்கு கேள்விகள். ரோடு எத்தனை அடி? மழைத் தண்ணீர் எங்கே போகும்? என்னென்ன செய்து தருகிறார்கள்? பத்திரம் சரியாக இருக்கிறதா? இந்த நான்குக்கும் நேரான பதில் உள்ள பிரௌச்சரை முதல் தடவை எழுதுகிறவர் எப்படித் தயாரிப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி. தமிழ்நாட்டில் இரண்டு ஏக்கர் அளவில் போடப்படும் சின்ன லேஅவுட்டை மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது.

எழுதும் முன் தெரிந்திருக்க வேண்டிய சட்டம்

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, விளம்பரம் என்ற சொல்லுக்குள் நோட்டீஸ், சுற்றறிக்கை, மற்ற எந்த வடிவ விளம்பரத்தையும் சேர்க்கிறது. பிரௌச்சரும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படமும் அதில் அடக்கம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டை ரெராவில் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தக் கூடாது, முன்பணமும் வாங்கக் கூடாது. மீறினால் திட்ட மதிப்பில் 10% வரை அபராதம் போட முடியும். இரண்டு ஏக்கர் என்பது 8,094 சதுர மீட்டர். ஆகவே "சின்ன லேஅவுட்தானே" என்று இதிலிருந்து தப்ப வழியில்லை.

எழுதுகிறவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியது 12-ஆவது பிரிவு. பிரௌச்சரில் உள்ள தவறான தகவலை நம்பி ஒருவர் பணம் கட்டி நஷ்டப்பட்டால் புரமோட்டர் இழப்பீடு தர வேண்டும். அவர் விலகிக்கொள்ள விரும்பினால் கட்டிய முழுத் தொகையையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். ஆகவே பிரௌச்சரில் எழுதும் ஒவ்வொரு வரியும் கையெழுத்துப் போட்ட வாக்குறுதி மாதிரி. இந்த வேலையில் அலங்காரச் சொற்களுக்கு இடம் குறைவாகவும் அளவுகளுக்கு இடம் அதிகமாகவும் இருப்பது அதனால்தான்.

பதிவு எண்ணும் ரெரா ஆணையத்தின் இணையதள முகவரியும் பளிச்சென்று தெரியும்படி அச்சாக வேண்டும் என்று 11-ஆவது பிரிவு சொல்கிறது. பின்பக்க அடியில் எறும்பு எழுத்தில் போடுவது பளிச்சென்று ஆகாது. முதல் பக்கத்தில் லேஅவுட் பெயருக்கு நேர் கீழே போடுங்கள். தமிழ்நாட்டுக்கான முகவரி `rera.tn.gov.in`.

முதல் படி: மேசையில் தாள்களை அடுக்குங்கள்

எழுத உட்காரும் முன் ஒப்புதல் பெற்ற லேஅவுட் வரைபடம், டிடிசிபி அல்லது சிஎம்டிஏ கொடுத்த ஆணை, உள்ளாட்சியின் இறுதி ஒப்புதல், ரோட்டையும் பொது இடத்தையும் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரம், ரெரா பதிவுச் சான்று ஆகிய ஐந்தையும் நகலாக வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, எஃப்எம்பி எனப்படும் புலப்படம். இவற்றில் ஏதாவது ஒன்று "வந்துகொண்டிருக்கிறது" என்று சொன்னால் எழுதும் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். வரப்போகும் ஆணையின் எண்ணுக்குக் கோடு போட்டு வைத்து அச்சடித்த பிரௌச்சர், எண் வருவதற்குள் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிடும்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளை மூன்று பத்திகளாக மடித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தி "முடிந்தது", இரண்டாவது "செய்து தருவோம், இந்தத் தேதிக்குள்", மூன்றாவது "நம் கையில் இல்லை". தெருவிளக்குக் கம்பம் நட்டாயிற்று என்றால் முதல் பத்தி. தார் போட வேண்டியது பாக்கி என்றால் இரண்டாவது. பஞ்சாயத்துக் குடிநீர் இணைப்பு மூன்றாவது. சைட் இன்ஜினியரையோ மேஸ்திரியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தத் தாளை நிரப்புங்கள். பிரௌச்சரால் வரும் வழக்குகளில் பல, இரண்டாம் பத்தியில் இருக்க வேண்டியதை முதல் பத்தியின் மொழியில் எழுதியதால் வருபவை. "தார்ச்சாலை வசதி உண்டு" என்ற வரியைப் படிக்கிறவருக்கு இன்றைக்கே இருக்கிறது என்றுதான் அர்த்தமாகும்.

இரண்டாம் படி: நிலக் கணக்கு

நம் மாதிரி லேஅவுட் 2 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். 87,120 சதுர அடி. அதில் ரோடுகளுக்கு 21,120 போனால் மீதி 66,000. இந்த அளவுள்ள லேஅவுட்டில் ரோடு போக மீதியில் 10% திறந்தவெளியாக, அதாவது ஓஎஸ்ஆராக ஒதுக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடான மதிப்பைக் கட்ட வேண்டும். இங்கே நிலமாகவே ஒதுக்கியிருப்பதாகக் கொண்டால் 6,600 சதுர அடி. விற்பனைக்கு மிஞ்சுவது 59,400. அதை 36 மனைகளாகப் பிரித்தால் சராசரி 1,650 சதுர அடி.

இந்த நான்கு எண்களையும் பிரௌச்சரில் அப்படியே போடுங்கள். பல புரமோட்டர்கள் தயங்குவார்கள். ஆனால் கணக்கு கூட்டினால் சரியாக வரும் பிரௌச்சரைப் பார்த்த வக்கீல் அடுத்த பக்கத்தை நம்பிக்கையோடு திருப்புவார். கூட்டிப் பார்க்கும்போதே உங்கள் தவறும் தெரிந்துவிடும். மனை அட்டவணையில் உள்ள 36 அளவுகளைக் கூட்டினால் 59,400 வராமல் 59,760 வந்தால், எங்கோ மூலை மனையின் ஸ்ப்ளேயைக் கழிக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று பொருள். ஸ்ப்ளே என்பது இரண்டு ரோடு சந்திக்கும் மூலையில் வண்டி திரும்புவதற்காக மனையின் முனையைக் குறுக்காக வெட்டுவது. அந்த முக்கோணத்தையும் விற்றுவிட்டால் பத்திரம் எழுதும் நாளில் தகராறு.

அளவைச் சதுர அடியிலும் சென்ட்டிலும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. "மனை" என்ற சொல்லை அளவாகப் பயன்படுத்த வேண்டாம். சென்னைப் பக்கம் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. மற்ற ஊர்களில் ஒரு மனை என்றால் ஆளுக்கொரு கணக்கு.

மூன்றாம் படி: ரோடு

"30 அடி ரோடு" என்ற மூன்று சொற்கள்தான் பிரௌச்சர்களில் அதிகம் சண்டை இழுப்பவை. வரைபடத்தில் 30 அடி என்பது இந்தப் பக்க மனை எல்லைக் கல்லிலிருந்து அந்தப் பக்க எல்லைக் கல் வரை. அதற்குள்ளேதான் தார், மண் ஓரம், வடிகால், ஈபி கம்பம், தண்ணீர்க் குழாய் எல்லாமே. நம் மாதிரியில் நடுவில் தார் 18 அடி. இருபுறமும் மண் ஓரம் 4 அடி வீதம். சுவர்கள் உட்பட வடிகால் 2 அடி வீதம். மொத்தம் 30. வாங்குகிறவரோ 30 அடிக்கும் தார் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வருவார். இரண்டையும் தனித்தனியாக எழுதிவிட்டால் பிரச்சினையே இல்லை:

> உட்புறச் சாலைகளின் மொத்த அகலம் 30 அடி (எல்லைக் கல்லிலிருந்து எல்லைக் கல் வரை). இதில் தார்ப்பரப்பு 18 அடி. இருபுறமும் 4 அடி மண் ஓரமும் 2 அடி வடிகாலும் உண்டு.

அடுத்து ரோட்டின் உடம்பு. தார் மேலே தெரியும் தோல் மட்டும்தான். அடியில் இருக்கும் ஜல்லிதான் வண்டியின் எடையைத் தாங்குகிறது. இறுக்கிய மண்ணின் மேல் 150 மில்லிமீட்டர் கிராவல், அதன் மேல் 75 மில்லிமீட்டர் வீதம் இரண்டு அடுக்கு ஜல்லி, அதன் மேல் 20 மில்லிமீட்டர் தார்க் கலவையும் சீல் கோட்டும் என்றால் லேஅவுட் ரோட்டுக்கு நல்ல வேலை. உங்கள் புரமோட்டர் போட்ட அடுக்குகள் என்னவோ, கான்ட்ராக்டர் பில்லைப் பார்த்து அதை எழுதுங்கள். "தரமான தார்ச்சாலை" என்று மட்டும் எழுதினால், கிராவல் மேல் நேரடியாகத் தார் தெளித்த ரோட்டுக்கும் அதே வரிதான். அந்த ரோடு முதல் வீட்டுக்குச் செங்கல் லாரி வரும்போதே டயர் தடத்தில் அமுங்கிவிடும். தடத்தில் தண்ணீர் நிற்கும், நின்ற இடத்தில் தார் உரியும்.

லேஅவுட்டுக்கு வரும் அணுகு சாலையைத் தனி வரியில் எழுதுங்கள். அது பஞ்சாயத்து ரோடா, நெடுஞ்சாலைத் துறை ரோடா, இப்போது எத்தனை அடி இருக்கிறது, தாரா மண்ணா என்று சொல்லுங்கள். உள்ளே 30 அடி போட்டு வெளியே 12 அடி வண்டிப்பாதை இருந்தால், அந்த 12-ஐ மறைப்பதில் பயன் இல்லை. பார்க்க வருகிறவர் அதன் வழியாகத்தான் வரப்போகிறார்.

தூரத்தைக் கிலோமீட்டரில், லேஅவுட் வாசலிலிருந்து ரோட்டு வழியாக அளந்து போடுங்கள். "பஸ் ஸ்டாண்டுக்கு 5 நிமிடம்" என்பதை யாரும் நிரூபிக்க முடியாது. "வரவிருக்கும் ரிங் ரோடு அருகில்" என்ற வரியை எழுதவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நம் கையில் இல்லை என்று மூன்றாம் பத்தியில் எழுதியதை விலைக்குக் காரணமாகக் காட்டக் கூடாது.

நான்காம் படி: வடிகால்

பெரும்பாலான பிரௌச்சர்களில் வடிகாலுக்கு ஒரே வரிதான்: "மழைநீர் வடிகால் வசதி உண்டு." வடகிழக்குப் பருவமழையில் ஒரு தடவை முழங்கால் தண்ணீரில் நின்றவர் இந்த ஒரு வரியோடு விடமாட்டார். அவர் கேட்கப்போவது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே போய்ச் சேரும், அந்த இடம் யாருடையது என்பதுதான். இந்த மூன்றுக்கும் பதில் எழுதத் தெரிந்தால் வடிகால் பத்தி முடிந்தது.

முதலில் சரிவு. லெவல் எடுத்த சர்வேயரிடம் நிலத்தின் உயரமான மூலை எது, தாழ்ந்த மூலை எது, வித்தியாசம் எவ்வளவு என்று கேளுங்கள். வடிகாலுக்கு 200 அடிக்கு ஒரு அடி சரிவு இருந்தால் தண்ணீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடும். அதைவிடத் தட்டையாகப் போனால் மண் அடியில் தங்கும். லெவல் வரைபடமே இல்லையென்றால், நல்ல மழை பெய்த மறுநாள் காலை சைட்டுக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீர் தேங்கிய இடத்தில் மண் மழமழவென்று படிந்து, காய்ந்ததும் ஓடு ஓடாக வெடித்திருக்கும். அந்த மனை எண்களைக் குறித்துக்கொண்டு வந்து புரமோட்டரிடம் சொல்லுங்கள். பிரௌச்சர் அச்சாவதற்கு முன் மண் அடிக்க வேண்டியது அவர் வேலை.

வடிகாலின் அளவு போதுமா என்பதைத் தோராயமாகச் சரிபார்க்க ஒரு கணக்கு உண்டு. 8,094 சதுர மீட்டரில் மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீடுகள் வந்த பிறகு பத்தில் ஆறு பங்கு தண்ணீர் ஓடிவரும் என்று கொண்டால், வெளிவாயிலுக்கு நொடிக்குச் சுமார் 67 லிட்டர் வரும். உள்ளளவு ஒரு அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள சிமென்ட் வடிகால், 200-க்கு 1 சரிவில், ஓரடிக்குச் சற்று மேல்வரை நிரம்பி ஓடும்போது நொடிக்குச் சுமார் 110 லிட்டர் கடத்தும். போதும். ஆனால் ஓடும் ஆழத்தில் பாதியை மண் அடைத்துக்கொண்டால் அதே வடிகால் 50 லிட்டரைக்கூட எட்டாது. ரோட்டில் தண்ணீர் ஏறுவது அப்போதுதான். கட்டும்போது போதுமானதாக இருந்த வடிகால் மூன்றாம் வருடம் போதாமல் போவதற்குக் காரணம் இதுவே. இந்தக் கணக்கைப் பிரௌச்சரில் போட வேண்டியதில்லை. ஆனால் வடிகாலின் உள்ளளவும் மேலே ஸ்லாப் மூடி உண்டா இல்லையா என்பதும் வர வேண்டும்.

அடுத்தது போய்ச் சேரும் இடம். எத்தனையோ லேஅவுட்டுகளில் வடிகால் கடைசி மனை வரை அழகாக வந்து, அங்கே வேலியோரம் அப்படியே நின்றுவிடும். பக்கத்து வயல்காரர் ஒரு மழை பொறுப்பார். அடுத்த மழையில் மண் மூட்டை அடுக்கி அடைப்பார். அவர் நிலத்தில் தண்ணீர் விட நமக்கு உரிமை கிடையாது. புலப்படத்தில் வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்று பார்த்து, நம் வடிகால் அந்த அரசு வாய்க்காலிலோ ரோட்டோர வடிகாலிலோ சேர்கிறதா, அதற்கு அனுமதி இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு இப்படி எழுதலாம்:

> நிலம் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிகிறது. சாலையின் இருபுறமும் 1 அடி அகலம், 1½ அடி ஆழம் (உள்ளளவு) கொண்ட கான்கிரீட் வடிகால்கள் கட்டப்பட்டு, தென்கிழக்கு மூலையில் பஞ்சாயத்துச் சாலை வடிகாலில் சேர்க்கப்பட்டுள்ளன. இவை மழைநீருக்கு மட்டுமே. பாதாளச் சாக்கடை வசதி இப்பகுதியில் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் செப்டிக் டேங்க் உரிமையாளரே கட்டிக்கொள்ள வேண்டும்.

கடைசி இரண்டு வாக்கியங்களைப் பார்த்து, விற்பனை போய்விடும் என்று பயப்பட வேண்டாம். கிராமப் பஞ்சாயத்துப் பகுதிக்கு வருகிறவருக்குச் செப்டிக் டேங்க் புதிதல்ல. சொல்லாமல் விட்டால்தான் நாளைக்கு யாராவது கழிவறைக் குழாயை மழைநீர் வடிகாலில் விடுவார், தெருவே நாறும்.

மனை மட்டத்தையும் சொல்லிவிடுங்கள். ரோட்டைவிட மனை ஒரு அடி தாழ்வாக இருந்தால், 1,200 சதுர அடி மனைக்கு 1,200 கன அடி மண், அதாவது 12 யூனிட் வேண்டும். இறுகிப் போவதற்கும் சேர்த்து 14, 15 யூனிட் அடிக்க வேண்டியிருக்கும். வாங்குகிறவர் கணக்கில் இல்லாத செலவு அது. "மனைகள் சாலை மட்டத்துக்கு நிரப்பித் தரப்படும்" அல்லது "மண் நிரப்புவது வாங்குபவர் பொறுப்பு" என்று இரண்டில் ஒன்றைத் தெளிவாக எழுதுங்கள்.

வடிகாலைத் தாண்டி மனைக்குள் வண்டி ஏற்றுவது பற்றி ஒரு வரி சேர்த்தால் நல்லது. வீடு கட்டுகிறவர்கள் வடிகாலுக்குள் செங்கல் கழிவைக் கொட்டி மேடாக்கி வண்டி ஏற்றுவார்கள். மேல்பக்க மனைகளில் தண்ணீர் தேங்க அது ஒன்றே போதும். வாசலுக்கு ஸ்லாப் போட்டுப் பாலம் அமைக்க வேண்டும், வடிகாலை அடைக்கக் கூடாது என்ற நிபந்தனையைப் பிரௌச்சரிலேயே சொல்லிவிட்டால், பிறகு கேட்க முகம் இருக்கும்.

ஐந்தாம் படி: வசதிகள்

எண்ணிக்கையோடு எழுதுங்கள், அவ்வளவுதான். "தெருவிளக்கு" என்பதைவிட "சாலையில் 9 எல்இடி தெருவிளக்குகள், சுமார் 25 மீட்டருக்கு ஒன்று" என்பது மேல். "தண்ணீர் வசதி" என்பதைவிட "ஒரு போர்வெல், 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி, ஒவ்வொரு மனை வாசலிலும் குழாய் இணைப்பு" என்பது மேல். கூடவே கரன்ட் பில் யார் கட்டுவது, மோட்டார் பழுதானால் யார் பார்ப்பது என்பதையும் எழுத வேண்டும். 36 வீட்டிலும் ஆளுக்கு 135 லிட்டர் வீதம் ஐந்து பேர் என்றால் ஒரு நாளைக்கு 24,300 லிட்டர். பத்தாயிரம் லிட்டர் தொட்டி அன்றைக்கு இரண்டரை முறை நிரம்ப வேண்டும். போர்வெல் ஈடுகொடுக்குமா என்று புரமோட்டரைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். "24 மணி நேரமும் தண்ணீர்" என்ற வரி கோடையில் உங்களைத் தேடிவரும்.

இங்கே புதியவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. ரோடும் ஓஎஸ்ஆர் இடமும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போய்விட்டன. இனி அவை பொதுச் சொத்து. அந்த ரோட்டின் வாயிலில் கேட் போட்டு வாட்ச்மேனை நிறுத்தி வெளியாரை மறிக்க யாருக்கும் உரிமை இல்லை. அந்தப் பூங்கா இடத்தில் கிளப் ஹவுஸோ நீச்சல் குளமோ கட்ட முடியாது. ஆனாலும் "கேட்டட் கம்யூனிட்டி", "பிரத்யேகப் பூங்கா" என்று எழுதும் வழக்கம் போகவில்லை. வரைபடத்தில் பூங்கா என்று குறித்த இடத்துக்கு "உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்பட்ட 6,600 சதுர அடி பொதுப் பூங்கா இடம். செடிகள் நட்டு, நடைபாதையும் 4 இருக்கைகளும் அமைத்துத் தரப்படும்" என்று எழுதினால் போதும். நுழைவு வளைவு, சுற்றுச்சுவர் இருந்தால் சொல்லலாம். அவை வழியை மறிக்காதவரை சரி.

பூங்காவில் இல்லாத மரங்களைப் படத்தில் வரைவதும் இதே வகைதான். கணினியில் வரைந்த படம் என்றால் படத்தின் மேலேயே "மாதிரிப் படம்" என்று போடுங்கள். ஒரு பக்கமாவது சைட்டில் எடுத்த நிஜப் புகைப்படம் இருக்கட்டும், எடுத்த மாதமும் வருடமும் கீழே இருக்கட்டும்.

ஆறாம் படி: பத்திரம்

"கிளியர் டைட்டில்", "வில்லங்கமற்ற சொத்து", "100% லீகல்". இந்தச் சொற்களை நல்ல பத்திரம் உள்ளவரும் போடுகிறார், கோளாறான பத்திரம் உள்ளவரும் போடுகிறார். ஆகவே படிக்கிறவருக்கு அவற்றால் தகவல் எதுவும் கிடைப்பதில்லை. எழுதுகிறவருக்கோ ஆபத்து அதிகம். உரிமையில் குறை இருந்து வாங்கியவர் நஷ்டப்பட்டால் புரமோட்டர் ஈடு கட்ட வேண்டும் என்றும், அந்தக் கோரிக்கையைக் காலாவதிச் சட்டம் தடுக்காது என்றும் ரெராவின் 18-ஆவது பிரிவு சொல்கிறது. அடைமொழிகளை எடுத்துவிட்டு, நிலம் யாரிடமிருந்து யாருக்கு எப்படி வந்தது என்ற சங்கிலியை எழுதுங்கள். வக்கீல் ஐந்து நிமிடத்தில் சரிபார்க்கக் கூடிய விவரம்தான் வாங்குகிறவருக்கு உண்மையான தைரியம்.

முதல் வேலை, மூன்று அளவுகளை ஒப்பிடுவது. பத்திரத்தில் உள்ள விஸ்தீரணம், பட்டாவில் உள்ள விஸ்தீரணம், சர்வேயர் தரையில் அளந்தது. பத்திரம் ஏக்கர்–சென்ட்டில் பேசும், பட்டா ஹெக்டேர்–ஏரில் பேசும். ஒரு ஏர் கிட்டத்தட்ட 2.47 சென்ட். நம் மாதிரியில் பத்திரம் 2 ஏக்கர் 0 சென்ட். பட்டா 0.81.00 ஹெக்டேர் என்றால் பொருந்துகிறது. அதே பட்டாவில் 0.79.50 என்று இருந்தால்? அது 1 ஏக்கர் 96.45 சென்ட். மூன்றரைச் சென்ட்டுக்கு மேல் குறைகிறது. சதுர அடியில் 1,547. கிட்டத்தட்ட ஒரு முழு மனை. அந்தக் குறை பக்கத்து சர்வே எண்ணில் சேர்ந்திருக்கலாம், பழைய வாய்க்கால் புறம்போக்கில் கழிந்திருக்கலாம். காரணம் எதுவானாலும் பட்டாவைத் திருத்தும் வரை அந்த ஓரத்து மனைகளை விலைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. பட்டாவை `eservices.tn.gov.in` தளத்தில் நீங்களே எடுத்துப் பார்க்கலாம். புரமோட்டர் கொடுத்த நகலோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.

அடுத்து வில்லங்கச் சான்று. `tnreginet.gov.in` தளத்தில் சர்வே எண்ணும் உட்பிரிவும் கொடுத்துப் பார்க்கலாம். மிகப் பழைய காலத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேட வேண்டும். 30 வருடத்துக்காவது எடுங்கள். இதில் இரண்டு விஷயங்களைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. முதலாவது, நிலம் உட்பிரிவு ஆவதற்கு முன் வேறு எண்ணில் இருந்திருக்கும். 112/2A என்று மட்டும் தேடினால், அது 112/2 ஆக இருந்த காலத்தில் எழுதிய அடமானம் வராமல் போகலாம். பழைய எண்ணுக்கும் தேடுங்கள். இரண்டாவது, வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதியாத பாகப் பிரிவினை, பதியாத உயில், நடந்துகொண்டிருக்கும் வழக்கு, கையெழுத்துப் போடாத சகோதரியின் பங்கு எதுவும் அதில் தெரியாது. "வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லை" என்பதையும் "சொத்தில் வில்லங்கம் இல்லை" என்பதையும் ஒன்றாக நினைத்து எழுதிவிடக் கூடாது.

கையெழுத்துப் போடாத வாரிசு என்பது சின்ன லேஅவுட்டுகளில் அடிக்கடி வரும் கோளாறு. நிலம் அப்பா பெயரில் இருந்து, அவர் காலமானபின் மகன்கள் மட்டும் சேர்ந்து விற்றிருப்பார்கள். வாரிசுச் சான்றில் உள்ள பெயர்களையும் விற்ற பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணுங்கள். சான்றில் ஐந்து, பத்திரத்தில் மூன்று என்றால், மீதி இருவர் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதியிருக்கிறார்களா என்று கேளுங்கள். கல்யாணமாகி வெளியூர் போன மகளின் பெயர்தான் பெரும்பாலும் விட்டுப்போயிருக்கும்.

பவர் பத்திரத்தில் விற்கிறார்கள் என்றால் அதையும் பிரௌச்சரில் சொல்ல வேண்டும். நில உரிமையாளர் யார், பவர் முகவர் யார், பவர் பத்திர எண் என்ன, பணம் யார் பெயரில் கட்ட வேண்டும் என்று எழுதுங்கள். எழுதிக் கொடுத்தவர் காலமாகிவிட்டால் சாதாரண பவர் செல்லாது. அச்சாகும் வாரத்தில்கூட அவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

இவை சரியாக இருந்தால் உரிமைப் பத்தி இந்த வடிவத்தில் வரும். எண்கள் மாதிரிக்காக:

> சர்வே எண் 112/2A, மொத்தம் 2 ஏக்கர் (0.81.00 ஹெக்டேர்), புஞ்சை. தற்போதைய உரிமையாளர் இச்சொத்தை 2011-ஆம் ஆண்டு 1425-ஆம் எண் கிரயப் பத்திரம் மூலம் வாங்கினார். விற்றவர்களுக்கு 1988-ஆம் ஆண்டின் பதிவு செய்த பாகப் பத்திரம் மூலம் பாத்தியப்பட்டது. பட்டா தற்போதைய உரிமையாளர் பெயரில் உள்ளது. 30 ஆண்டு வில்லங்கச் சான்று, வழக்கறிஞரின் சட்டக் கருத்து, புலப்படம் ஆகியவற்றின் நகல்களை அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம். இச்சொத்தின் மீது வங்கிக் கடன் இல்லை.

கடன் இருந்தால் மறைக்காதீர்கள். "இத்திட்டத்தின் மீது வங்கிக் கடன் உள்ளது. ஒவ்வொரு மனைக்கும் கிரயத்துக்கு முன் வங்கியின் விடுவிப்புக் கடிதம் பெற்றுத் தரப்படும்" என்று எழுதலாம். அடமானம் வில்லங்கச் சான்றில் எப்படியும் தெரியப்போகிறது.

உரிமையாளரின் ஆதார் எண், வீட்டு முகவரி, கையெழுத்துள்ள பத்திரப் பக்கத்தின் படம் ஆகியவற்றை அச்சில் போட வேண்டாம். பத்திர எண்ணும் வருடமும் சார்பதிவகமும் போதும்.

ஏழாம் படி: விலையும் முன்பணமும்

சதுர அடி விலை, அதில் என்ன அடக்கம், என்ன தனி. பதிவுச் செலவு கிரயப் பத்திரத்துக்குப் பொதுவாக முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. இது விலையில் அடக்கமா தனியா என்று ஒரே வரியில் தெரிய வேண்டும். மூலை மனைக்கும் கிழக்குப் பார்த்த மனைக்கும் கூடுதல் விலை என்றால் அட்டவணையிலேயே போடுங்கள், வாய்ப்பேச்சுக்கு விடாதீர்கள். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் மனை விலையில் 10%-க்கு மேல் முன்பணம் வாங்க ரெராவின் 13-ஆவது பிரிவு இடம் தரவில்லை. "50% கட்டினால் தங்க நாணயம்" என்ற பெட்டியை அச்சில் வைக்கச் சொன்னால், அந்தப் பிரிவைக் காட்டி மறுத்துவிடுங்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன்

புரூஃப் காப்பியை எடுத்துக்கொண்டு, 30 மீட்டர் டேப்பும் ஒரு ஆளும் துணையாக சைட்டுக்குப் போங்கள். மூன்று இடத்தில் எல்லைக் கல்லிலிருந்து எல்லைக் கல் வரை ரோட்டு அகலத்தை அளந்து பாருங்கள். நான்கு மனைகளின் பக்க அளவுகளை, அதில் ஒன்று மூலை மனையாக இருக்கும்படி, அட்டவணையோடு ஒப்பிடுங்கள். விளக்குக் கம்பங்களை எண்ணுங்கள். வடிகாலின் மேல்முனையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, கீழ்முனை நோக்கி ஓடுகிறதா, நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாத ஒவ்வொரு வரியையும் சிவப்பு மையில் அடியுங்கள். அடித்த வரிகளை மூன்று பத்தித் தாளில் சரியான பத்திக்கு மாற்றி, திருத்திய புரூஃபில் புரமோட்டரிடம் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதன் பிறகே பிரஸ்ஸுக்குக் கொடுங்கள்.